பந்தல் பெரிதில்லை: எளிய நிக்காஹ் பத்திரிகைக்கு நான்கு வரி எழுதுவது எப்படி?

திருத்தணியில் தையல் கடை வைத்திருக்கும் ஒரு சகோதரர் தம் மகளின் நிக்காஹ் பத்திரிகையை அச்சுக்குக் கொடுக்கும் முன் நம்மிடம் காட்டினார். மாப்பிள்ளை வீடு நகரி. அது எல்லைக்கு அந்தப் பக்கம், ஆந்திராவில் இருக்கிறது. அஸர் தொழுகைக்குப் பின் பள்ளிவாசலில் நிக்காஹ், பிறகு வீட்டு வாசலில் சின்னப் பந்தல் போட்டு அறுபது பேருக்குச் சாப்பாடு, மறுநாள் நகரியில் வலீமா. கடன் வாங்கக் கூடாது, மண்டபம் பிடிக்கக் கூடாது என்று வீட்டில் எல்லோரும் பேசி முடிவெடுத்திருந்தார்கள். ஆனால் பத்திரிகையைப் படித்தால் ஆயிரம் பேர் கூடும் கல்யாணம் போல இருந்தது.

அட்டையின் மேல் பகுதியில் பதினாறு வரிக் கவிதை ஒன்று இருந்தது. பெண்ணின் மச்சான் முறைத் தம்பி ஒருவர் ஆசையாக எழுதிக் கொடுத்தது. அதன் முதல் இரண்டு வரிகள் இவை:

வானத்து நிலவொன்று மண்ணிறங்கி வந்ததம்மா
கானத்துக் குயிலொன்று கரம்பிடிக்க வந்ததம்மா

ஓசையில் குறை சொல்ல முடியாது. ‘வானத்து’, ‘கானத்து’ என்று எதுகை சரியாக விழுந்திருக்கிறது. ஆனாலும் இந்த வரிகளை அந்த அட்டையில் போட முடியாது என்று நாம் சொன்னோம். பையன் முகம் வாடிவிட்டது. காரணத்தைச் சொன்ன பிறகு அவரே ஒப்புக்கொண்டார்.

பத்திரிகையில் பேசுவது யார் என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். அழைப்பவர்கள் பெண்ணின் அத்தாவும் அம்மாவும். அவர்கள் பெயர்தான் கீழே இருக்கிறது. அப்படியானால் மேலே உள்ள கவிதையும் அவர்கள் வாயிலிருந்து வருவதாகத்தான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். பெற்ற தகப்பன் தன் மகளை நிலவென்றும் குயிலென்றும் ஊருக்கு வர்ணித்துச் சொல்வாரா? நம் வீடுகளில் சொல்ல மாட்டார். ஒரு நண்பன் மணமேடையில் வாசித்துக் கொடுக்கும் வாழ்த்து மடலில் இந்த வர்ணனை ஓரளவு பொருந்தலாம். வாழ்த்து மடல் வேறு, அழைப்புப் பா வேறு. வாழ்த்துவது விருந்தாளியின் வேலை, அழைப்பது வீட்டாரின் வேலை. இந்த இரண்டும் கலந்துபோவதுதான் நாம் பார்க்கும் பெரும்பாலான பத்திரிகைக் கவிதைகளின் கோளாறு.

அடுத்து, அந்தப் பதினாறு வரிகளில் ‘வாருங்கள்’ என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. பெயர்களை மாற்றிவிட்டால் யார் வீட்டுக் கல்யாணத்துக்கும் பொருந்தும். இந்தக் குடும்பத்தின் அடையாளமோ இந்த நிகழ்ச்சியின் அளவோ அதில் இல்லை.

கடைசிப் பகுதியில் இன்னொன்றும் இருந்தது. ‘பதினாறு பேறும் பெற்று, ஆண் மக்கள் பல ஈன்று’ என்ற பொருளில் ஒரு வாழ்த்து. இதில் மட்டும் மார்க்கமே நமக்கு ஒரு வழியைக் காட்டியிருக்கிறது. அகீல் இப்னு அபீதாலிப் (ரலி) அவர்கள் ஒரு பெண்ணை மணமுடித்தபோது, மக்கள் அக்கால அரபு வழக்கப்படி ‘இணக்கமும் ஆண் மக்களும் உண்டாகட்டும்’ என்ற கருத்தில் வாழ்த்தினார்கள். அவர்கள் அதைத் தடுத்து, நபி (ஸல்) அவர்கள் சொல்லித்தந்தபடி பரக்கத்தை வேண்டிச் சொல்லுங்கள் என்று திருத்தினார்கள். நஸயீ, இப்னு மாஜா ஆகிய நூல்களில் இந்தச் செய்தி இடம்பெறுகிறது. பெண் குழந்தையை ஒதுக்கும் அந்த வாழ்த்து, பதினாலு நூற்றாண்டுகளுக்கு முன் திருத்தப்பட்டது, தமிழில் எதுகை மோனையோடு நம் அட்டைக்குத் திரும்பி வருவதைப் பார்க்கும்போது சிரிப்பும் வருகிறது, வருத்தமும் வருகிறது.

சரி, பதினாறு வரியை நீக்கியாயிற்று. அந்த இடத்தில் என்ன வைப்பது?

நாம் அந்தச் சகோதரரிடம் கவிதையைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. “பக்கத்துக் கடைக்காரரை நீங்க நேரா கூப்பிடுறதா இருந்தா என்ன சொல்லிக் கூப்பிடுவீங்க?” என்று மட்டும் கேட்டோம். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “பெருசா ஒண்ணும் பண்ணல மாமு. இருக்கிறத வச்சு செய்றோம். வந்து துஆ செஞ்சிட்டு, ஒரு வாய் சாப்பிட்டுப் போங்கன்னு சொல்லுவேன்” என்றார்.

பாட்டுக்கு வேண்டிய சரக்கு முழுவதும் இதில் இருக்கிறது. நிகழ்ச்சி சிறியது, இருப்பதைப் பகிர்கிறோம், உங்கள் துஆ வேண்டும், வாருங்கள் என்று நான்கு செய்திகள். நான்கு செய்திக்கு நான்கு வரி போதும். கவிதை எழுத உட்காருபவர்கள் முதலில் இப்படி வாயால் சொல்லிப் பார்த்து, அந்தப் பேச்சைத் தாளில் எழுதிவைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்துவிடும். உவமை தேடி அலைய வேண்டியதில்லை.

இனி ஓசை. வெண்பா இலக்கணம் முழுவதையும் கட்டிக்கொண்டு அழ வேண்டியதில்லை. அழைப்புப் பாவுக்கு மூன்று கட்டுப்பாடுகள் இருந்தால் போதும். வரிக்கு நான்கு சொல் அளவு. இரண்டிரண்டு வரிகளின் தொடக்கத்தில் எதுகை. ஒவ்வொரு வரிக்குள்ளும் முதல் சொல்லுக்கும் மூன்றாவது சொல்லுக்கும் மோனை. எதுகை என்றால் இரண்டாம் எழுத்து ஒன்றாக இருப்பது. முதல் எழுத்தின் அளவும் ஒத்திருக்க வேண்டும். ஒன்று குறிலானால் மற்றதும் குறில், ஒன்று நெடிலானால் மற்றதும் நெடில். ‘பந்தல்’, ‘வந்து’ எதுகை. ‘பந்தல்’, ‘சாந்து’ என்று வைத்தால் காதுக்கு இடறும். மோனை என்றால் முதல் எழுத்து ஒத்து வருவது. இதில் சில எழுத்துகள் ஒன்றுக்கொன்று உறவு. வ-வுக்கு ம-வும், ச-வுக்கு த-வும், ந-வுக்கு ஞ-வும் மோனையாக நிற்கும். இந்த உறவு தெரிந்தால் சொல்லுக்குத் தவிக்க வேண்டியதில்லை.

‘பெருசா ஒண்ணும் பண்ணல’ என்பதை முதல் வரியாக்க முயன்றபோது வந்த முதல் வடிவம் ‘ஏழை எம் இல்லத்தில் எளியதொரு நிக்காஹ்’ என்பது. மோனை நன்றாகவே இருந்தது. ஆனால் பெண்ணின் நன்னிமா கேட்ட உடனே, “நாம ஏழைன்னு நாமளே ஏன் அச்சடிச்சு ஊருக்குக் கொடுக்கணும்?” என்றார். நியாயமான கேள்வி. எளிமையாகச் செய்வது அந்தக் குடும்பம் எடுத்த முடிவு. ‘ஏழை’ என்ற சொல் வந்தவுடன் அது இயலாமையாகி, படிப்பவர் இரக்கப்படும்படி ஆகிவிடுகிறது. விருந்துக்கு வருபவரை இரக்கப்பட வைப்பது அவருக்கும் சங்கடம். ஆகவே மனிதரைப் பற்றிச் சொல்லாமல் பொருளைப் பற்றிச் சொல்லலாம் என்று தோன்றியது. பந்தல் சின்னதுதான். அதைச் சொன்னால் யாருக்கும் தாழ்வு இல்லை. அப்படி வந்ததுதான் இது:

பந்தல் பெரிதில்லை, பாசம் சிறிதில்லை;
வந்தொரு துஆ செய்தால் மனம் நிறையும் எங்களுக்கு.
இருப்பதைப் பகிர்வோம், இன்ஷா அல்லாஹ்;
விருப்போடு வாருங்கள், வீட்டார் எல்லோரும்.

பந்தல், வந்தொரு என்று முதலிரண்டு வரிக்கும், இருப்பதை, விருப்போடு என்று அடுத்த இரண்டுக்கும் எதுகை. பந்தலுக்குப் பாசம், வந்தொரு என்பதற்கு மனம், இருப்பதை என்பதற்கு இன்ஷா, விருப்போடு என்பதற்கு வீட்டார் என மோனை. ‘இன்ஷா அல்லாஹ்’ என்பதை ஓசைக்காக எங்கும் ஒட்டவைக்கக் கூடாது. இனி நடக்கப்போகும் ஒரு செயலோடுதான் அது சேர வேண்டும். இங்கே ‘பகிர்வோம்’ என்ற எதிர்காலச் சொல்லோடு சேர்ந்து நிற்பதால் பொருள் சரியாக இருக்கிறது.

எல்லோருக்கும் பிடித்துவிட்டது. தம்பி செல்போனில் தட்டச்சு செய்யவே ஆரம்பித்துவிட்டார். அப்போதுதான் கடைசி வரியில் இருந்த வினை நம் கண்ணில் பட்டது.

‘வீட்டார் எல்லோரும்.’ சாப்பாடு அறுபது பேருக்கு. கிலோ அரிசிக்குப் பத்துப் பேர் என்று கணக்கு வைத்து ஆறு கிலோ பிரியாணிக்குத்தான் சமையல்காரரிடம் பேசியிருந்தார்கள். அழைக்க நினைத்த வீடுகள் இருபத்தைந்து. சில வீட்டில் இரண்டு பேர், சில வீட்டில் மூன்று பேர் என்று நினைத்துத்தான் அறுபது வந்தது. ‘வீட்டார் எல்லோரும்’ என்று அட்டையில் எழுதிக் கொடுத்தால் வீட்டுக்கு ஐந்து, ஆறு பேர் வருவார்கள். அது அவர்கள் தவறல்ல, எழுதியபடிதானே வருகிறார்கள்! நூற்றைம்பது பேர் வந்து நின்றால் ஆறு கிலோ எங்கே போதும்?

இதே விபத்து உரைநடைப் பகுதியிலும் காத்திருந்தது. ‘தாங்கள் தங்கள் சுற்றமும் நட்பும் சூழ வருகை தந்து’ என்ற வாசகத்தை அச்சகத்தில் மாதிரியிலிருந்தே எடுத்துப் போட்டிருந்தார்கள். நம் ஊர்ப் பத்திரிகைகளில் இது இல்லாத அட்டையைக் காண்பது அரிது. யாரும் அதை யோசித்து எழுதுவதில்லை. ஆனால் படிப்பவர் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்டால் அது நண்பர்களையும் கூட்டிவரச் சொல்லும் அழைப்பு. சின்ன நிகழ்ச்சிக்கு இந்த ஒரு வாசகம் போதும், கணக்கு முழுவதும் கவிழ்ந்துவிடும்.

அழைப்பின் சொல்லுக்கு நம்மிடம் கூடுதல் கனம் உண்டு என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். வலீமாவுக்கு அழைக்கப்பட்டவர் அதை ஏற்றுச் செல்ல வேண்டும் என்பது நபிமொழி. செல்வந்தரை அழைத்து ஏழைகளை விட்டுவிடும் வலீமா விருந்து மோசமான உணவு என்ற எச்சரிக்கையும் புகாரி, முஸ்லிம் நூல்களில் உள்ளது. ஆகவே எண்ணிக்கையைக் குறைக்கும்போது யாரைக் குறைக்கிறோம் என்பதும் கேள்விதான். இந்தக் குடும்பம் ஒரு நல்ல காரியம் செய்தது. தையல் கடையில் காஜா போடும் இரண்டு பெண்களின் வீடுகளையும் பட்டியலில் முதலில் எழுதிவிட்டு, பிறகுதான் கடை வாடிக்கையாளர்களைக் குறைக்கத் தொடங்கினார்கள்.

கடைசி வரி இப்படி மாறியது:

விருப்போடு வாருங்கள், வாழ்த்திச் செல்லுங்கள்.

மோனை கெடவில்லை. எத்தனை பேர் என்பது பாட்டிலிருந்து நீங்கிவிட்டது. அது உறையின் மேல் எழுதும் பெயரிலும், நேரில் கொடுக்கும்போது சொல்லும் வார்த்தையிலும் போய்ச் சேர்ந்தது. உறையில் ‘குடும்பத்தார்’ என்று எழுதாமல் கணவன் மனைவி பெயரை எழுதினால் வருபவருக்கே புரியும். உரைநடையில் ‘சுற்றமும் நட்பும் சூழ’ நீங்கி, ‘தாங்கள் வந்திருந்து மணமக்களுக்காக துஆ செய்யக் கேட்டுக்கொள்கிறோம்’ என்றானது. மொய் வேண்டாம் என்று அந்தக் குடும்பம் முடிவு செய்திருந்தது. அதைப் பாட்டுக்குள் திணிக்காமல் கீழே ஒரே வரியில் ‘தங்கள் துஆவே எங்களுக்கு அன்பளிப்பு’ என்று போட்டோம்.

ஒரு கேள்வி நிச்சயம் வரும்: பாட்டு எதற்கு, குர்ஆன் வசனத்தையே போட்டுவிடலாமே? அர்ரூம் அத்தியாயத்தின் 21-ஆம் வசனம், இணையரிடம் அமைதி பெறுவதையும் இருவருக்கிடையே அன்பும் கருணையும் வைக்கப்பட்டதையும் பேசுவது, நிக்காஹ் பத்திரிகைகளில் அதிகம் அச்சாகிறது. பொருளில் அதைவிடப் பொருத்தம் வேறில்லை. ஆனால் நிகழ்ச்சி முடிந்த மறுநாள் அந்த அட்டைகள் எங்கே கிடக்கின்றன என்று பார்த்தவர்கள் தயங்குவார்கள். பழைய பேப்பர் கடையிலும் குப்பைத் தொட்டியிலும் போய்ச் சேரும் தாளில் இறைவசனத்தை அச்சிடாமல் இருப்பதே பேணுதல் என்று ஆலிம்கள் பலர் சொல்வதை நாமும் ஏற்கிறோம். அந்த வசனத்தை நிக்காஹ் மஜ்லிஸில் ஓதலாம், இமாம் விளக்கலாம். அட்டையில் நம் சொந்த நான்கு வரி இருந்தால் அது கசங்கினாலும் மனம் பதறாது.

பாட்டுக்குள் நாள், நேரம், இடம் எதையும் நுழைக்கக் கூடாது. அவை தனியே, கண்ணுக்குப் பளிச்சென்று தெரிய வேண்டும். இதில் அடிக்கடி நடக்கும் ஒரு பிழையைச் சொல்லியாக வேண்டும். இஸ்லாமிய நாள் மஃரிபோடு மாறுகிறது. அஸருக்குப் பின் நிக்காஹ் என்றால் அன்றைய பிறை. மஃரிபுக்குப் பின் என்றால் அடுத்த பிறை. நேரத்தை மாற்றிவிட்டுப் பிறையை மாற்ற மறந்துவிடுவார்கள். மேலும் இரண்டு மாதத்துக்கு முன்பே அச்சடிக்கும்போது பிறை பார்க்கும் கணக்கில் ஒரு நாள் முன்பின் ஆகலாம். ஆகவே இந்த அட்டையில் ஹிஜ்ரி ஆண்டும் மாதமும் மட்டும் போட்டு, பிறை எண்ணை விட்டுவிட்டோம். ‘அஸர் தொழுகைக்குப் பின்’ என்பதோடு மணியையும் எழுத வேண்டும். பக்கத்துக் கடை பூக்காரருக்கு அஸர் எத்தனை மணிக்கு என்று தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை.

திருத்தணிக்கென்று ஒரு கவனமும் உண்டு. ஆடிக் கிருத்திகைக்கும் டிசம்பர் 31 இரவு படித் திருவிழாவுக்கும் மலைக்கு வரும் கூட்டத்தில் ஊருக்குள் வண்டி நுழைவதே பெரும்பாடு. நாள் குறிக்கும்போதே அந்த நாட்களைத் தவிர்த்துவிட்டால், ‘போக்குவரத்து நெரிசல் காரணமாக முன்கூட்டியே புறப்படவும்’ என்று அட்டையில் ஒரு வரி கூட்ட வேண்டியிராது.

அடுத்தது மொழி. திருத்தணி ஒரு காலத்தில் ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 1960 ஏப்ரல் 1 அன்றுதான் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. கோடு நகர்ந்ததே தவிர சம்பந்தம் கலப்பது நிற்கவில்லை. நகரி, புத்தூர் பக்கம் பெண் கொடுப்பதும் எடுப்பதும் இங்கே சாதாரணம். மாப்பிள்ளை வீட்டில் தமிழ் பேசுவார்கள், படிப்பது தெலுங்கில். மூத்தவர்கள் வீட்டில் தக்னி உர்து பேசுவார்கள், பத்திரிகையை ‘ருக்கா’ என்பார்கள். நம் நான்கு வரியைத் தெலுங்கில் மொழிபெயர்த்து அட்டையின் பின்பக்கம் போடலாம் என்று தம்பி ஒரு யோசனை சொன்னார். எழுதிப் பார்த்தார்கள். எதுகையும் மோனையும் போய், ‘பந்தல் பெரிதாக இல்லை’ என்ற ஒரு தகவல் மட்டும் மிஞ்சியது. தெலுங்கில் படித்தால் ஏதோ மன்னிப்புக் கடிதம் போல இருந்தது. பாட்டை மொழிபெயர்க்க வேண்டியதில்லை. பின்பக்கம் தெலுங்கில் பெயர், நாள், நேரம், இடம் ஆகியவற்றோடு ‘வந்து துஆ செய்யுங்கள்’ என்ற ஒரே வாக்கியம் போதும் என்று முடிவானது. பாட்டு வேண்டுமென்றால் தெலுங்கு தெரிந்த ஒருவர் அந்த மொழியிலேயே புதிதாக எழுதட்டும்.

அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கும்போது இரண்டு இடங்களில் திருத்தம் வந்தது. ‘துஆ’ என்பது ‘துஅ’ என்று குறிலாகி நின்றது. மூன்றாம் வரியை மடக்கி ‘அல்லாஹ்’ என்ற சொல்லை மட்டும் தனி வரியில் கீழே இறக்கியிருந்தார்கள். எழுத்தைக் கொஞ்சம் சின்னதாக்கி வரியை முழுதாக வைக்கச் சொன்னோம். பாட்டில் வரி என்பது ஓசையின் அளவு, அது உடைந்தால் எதுகை கண்ணில் படாது. வாட்ஸ்அப்பில் எழுத்தாக அனுப்பினாலும் இதே கதிதான், சின்னத் திரையில் வரிகள் எங்கெங்கோ மடங்கும். அதனால் அட்டையைப் படமாகவே அனுப்பினார்கள்.

குறைந்தது நூறு அட்டை அடித்தால்தான் கட்டுப்படியாகும் என்று அச்சகத்தில் சொன்னார்கள். அடித்தாயிற்று. தேவை இருபத்தைந்து. மீதி எழுபத்தைந்து கையில் இருக்கும்போது ‘இவருக்கும் ஒன்று கொடுத்துவிடலாமே’ என்று கை நீளும் என்பது நமக்குத் தெரியும். அந்தச் சகோதரருக்கும் தெரிந்திருந்தது. உறைகளில் இருபத்தைந்து பெயரையும் அன்றிரவே எழுதி முடித்துவிட்டு, மீதி அட்டைகளைக் கடையில் அளவுச் சீட்டு எழுதுவதற்காகப் பின்பக்கம் திருப்பி அடுக்கி வைத்துவிட்டார். பின்பக்கம் தெலுங்கு அச்சாகியிருக்கிறதே என்று காஜா போடும் பெண் சொன்ன பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது.